எலும்பு போச்சு, மண் நின்னுச்சு: தோமையார் தலத்தின் வரவு செலவுக் கணக்கு

இந்த எபிசோடை எழுத்துல படிக்கறவங்களுக்காகப் பேச்சுல வந்த இழுவைகளைக் கொஞ்சம் குறைச்சிருக்கேன். மத்தபடி பேசினது பேசினபடிதான் இருக்கு.

தாம்பரத்துல பீச் வண்டி ஏறினா, பழவந்தாங்கல் தாண்டினதும் பரங்கிமலை வரும். அடுத்து கிண்டி, அதுக்கடுத்து சைதாப்பேட்டை. கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவுல சின்னமலை. சைதாப்பேட்டையில இருந்து கிழக்கே கடற்கரைக்குப் போனா சாந்தோம். பரங்கிமலை, சின்னமலை, சாந்தோம் மூணும் ஒரே ஆளோட பேர்ல இருக்கிற தலங்கள். இயேசுவோட பன்னிரண்டு சீடர்கள்ல ஒருத்தரான தோமையார் சின்னமலைக் குகையில ஒளிஞ்சிருந்தார், பரங்கிமலையில கொல்லப்பட்டார், சாந்தோமில அடக்கம் செய்யப்பட்டார்ங்கறது மரபு. தோமையார் உண்மையிலேயே இங்கே வந்தாரா, இல்லையாங்கறது ஆய்வாளர்கள் ரொம்ப காலமா வாதாடிக்கிட்டிருக்கிற விஷயம். இன்னைக்கு நான் அதுக்குள்ள போகலை. எனக்கு இருக்கிற கேள்வி வேற: அவர் இங்கேதான் இருக்கார்னு நம்பி நூற்றுக்கணக்கான வருஷம் ஜனங்க வந்தாங்களே, அதனால இந்த ஊருக்கு என்ன கிடைச்சுது? யார் சம்பாதிச்சாங்க, எதுல சம்பாதிச்சாங்க?

இதைக் கேட்கக் காரணம் இருக்கு. இடைக்கால யாத்திரைன்னு வந்தாலே, ஒரு புனிதரோட எலும்பு ஒரு ஊருக்கு வந்துது, ஊரே பணக்கார ஊராயிடுச்சுன்னு ஒரு கதை சொல்வாங்க. மயிலாப்பூர்க் கதை அப்படிப் போகலை. இங்கே எலும்பு ஊரைவிட்டே போயிடுச்சு. அதுக்கப்புறமும் ஜனங்க வந்துகிட்டே இருந்தாங்க.

ஒரு எலும்புக்கு ஏன் அவ்வளவு விலை?

முதல்ல ஒரு சொல். புனிதரோட எலும்பு, உடுப்பு, அவர் தொட்ட பொருள், இதையெல்லாம் நம்ம ஊர் கத்தோலிக்கர்கள் அருளிக்கம்னு சொல்வாங்க. திருப்பண்டம்னும் சொல்றதுண்டு. ஐரோப்பாவுல இதுக்கு ஒரு பெரிய டிமாண்ட் உருவாச்சு, அதுக்குச் சட்டமே காரணம். கி.பி. 787-ல நிக்கேயாவுல நடந்த இரண்டாம் பொதுச்சங்கம், அருளிக்கம் இல்லாம எந்தக் கோயிலையும் அர்ச்சிக்கக் கூடாதுன்னு விதி போட்டுச்சு. புதுசா ஒரு சர்ச் கட்டணும்னா ஒரு துண்டாவது வேணும். சர்ச்சுகளோட எண்ணிக்கை ஏறிகிட்டே போகுது. செத்துப்போன புனிதரோட எலும்பு ஏறுமா?

சரக்கு குறைவு, கேட்கிறவங்க ஜாஸ்தி. அப்போ என்ன நடக்கும்? வாங்குவாங்க, பரிசாக் கேட்பாங்க, இல்லைன்னா திருடுவாங்க. மூணுமே நடந்துது. இயேசுவோட முள்முடின்னு நம்பப்பட்டதை, பணத் தட்டுப்பாட்டுல இருந்த கான்ஸ்டாண்டிநோபிள் அரசு வெனிஸ் வியாபாரிகள்கிட்ட அடகு வெச்சிருந்துது. அதை 1239-ல பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி மீட்டு வாங்கிகிட்டார். விலை 1,35,000 லிவர்னு சொல்வாங்க. அதை வைக்கறதுக்காகவே பாரிஸ்ல அவர் கட்டின சேன்ட் ஷாப்பேல் கோயிலுக்கு ஆன செலவு ஏறக்குறைய 40,000 லிவர்தான். வீட்டை விட வீட்டுக்குள்ள இருக்கிற பெட்டிக்கு மூணு மடங்கு விலை. இத்தனைக்கும் 1215-லேயே நான்காம் லாத்தரன் சங்கம் அருளிக்கத்தை விக்கக் கூடாதுன்னு தடை போட்டிருந்துது. அப்படி ஒரு தடை போட வேண்டியிருந்ததே, சந்தை எவ்வளவு சூடா இருந்துதுன்னு காட்டுது.

எலும்பை நம்பி ஓடுற ஊருக்கு இதுல ஒரு பெரிய ஆபத்து இருக்கு. சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, அது ஒரு சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். பெட்டி போச்சுன்னா எல்லாம் போச்சு.

தோமையாரோட எலும்பு போன வழி

தோமையார் விஷயத்துல பெட்டி ரொம்ப சீக்கிரமே போயிடுச்சு. 'தோமாவின் பணிகள்'னு சிரியாக் மொழியில ஒரு பழைய நூல் இருக்கு. மூணாம் நூற்றாண்டுல எழுதப்பட்டதுன்னு பொதுவா ஒத்துக்கறாங்க. அதோட கடைசியில வர்ற கதை இது. தோமாவைக் கொல்லச் சொன்ன ராஜாவோட பையனுக்குப் பேய் பிடிக்குது. அப்பா ராஜா, கல்லறையைத் திறந்து ஒரு எலும்பை எடுத்துப் பையனுக்குக் கட்டிவிடலாம்னு போறார். திறந்து பார்த்தா எலும்பு இல்லை. சீடர்கள்ல ஒருத்தர் ரகசியமா அதை மேற்கே கொண்டுபோயிட்டார். ராஜா என்ன பண்றார்னா, எலும்பு கிடந்த இடத்து மண்ணைக் கொஞ்சம் எடுக்கறார். பையன் குணமாயிடறான்.

இந்தக் கதையை நினைவுல வெச்சுக்கோங்க, ஏன்னா இதுல நடக்கிற அதே விஷயம் ஆயிரம் வருஷம் கழிச்சு நம்ம ஊர்ல திரும்ப வரப்போகுது.

மேற்கே போன எலும்பு எடெசாவுக்குப் போய்ச் சேர்ந்ததா நம்பினாங்க. இன்னைக்குத் துருக்கியில இருக்கிற ஷான்லிஉர்ஃபாதான் அந்த ஊர். அங்கே அது என்ன வேலை பார்த்துதுன்னு ஆறாம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல இருந்த பிஷப், தூர் நகரத்து கிரெகரி, எழுதி வெச்சிருக்கார். தோமையார் திருவிழா வந்தா பல தேசத்துல இருந்தும் ஜனங்க நேர்ச்சையோடவும் சரக்கோடவும் வருவாங்க. முப்பது நாளைக்குச் சுங்கம் கட்டாம வாங்கலாம், விக்கலாம். அருளிக்கம் ஒரு ஊரோட பொருளாதாரத்துல என்ன பண்ணும்ங்கறதுக்கு இது ரொம்பத் தெளிவான உதாரணம். எலும்பை யாரும் விக்கலை. எலும்பு கூட்டத்தைச் சேர்த்துது, கூட்டம் சந்தையைச் சேர்த்துது, அரசு ஒரு மாசத்துக்கு வரியை விட்டுக்கொடுத்துது. வரி இல்லாத மாசத்துல வியாபாரி எங்கே போவான்? அங்கேதான் போவான்.

ஆனா 1144-ல எடெசா, ஸெங்கியோட படைகிட்ட விழுந்துது. எலும்பு கியோஸ்ங்கற கிரேக்கத் தீவுக்குப் போச்சுன்னு மரபு. 1258-ல லியோனே அச்சாயுயோலிங்கற கப்பல் தளபதி அதை அங்கேயிருந்து எடுத்துகிட்டு, இத்தாலியில ஒர்த்தோனாங்கற தன்னோட துறைமுக ஊர்ல கொண்டுபோய் இறக்கினார். அது இன்னைக்கும் அந்த ஊர்ப் பேராலயத்துலதான் இருக்குன்னு சொல்றாங்க. 1953-ல அதுல இருந்து ஒரு கை எலும்புத் துண்டு கேரளாவுல கொடுங்கல்லூருக்கு வந்துது.

ஆக, 1258 கணக்குப்படி பார்த்தா சொத்து இத்தாலியில இருக்கு. மயிலாப்பூர்ல வெறும் குழி. கடையை இழுத்து மூடியிருக்கணும் இல்லையா?

மார்கோ போலோ சொல்ற சிவப்பு மண்

அதுக்கப்புறம் ஒரு முப்பது, முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு, 1290-கள்ல, சீனாவுல இருந்து ஊர் திரும்பற வழியில மார்கோ போலோ நம்ம கரைப் பக்கம் வர்றார். அப்போ இங்கே பாண்டியர் ஆட்சி. அவர் தன் புத்தகத்துல தோமையார் தலத்தைப் பத்தி எழுதறதோட சாரம் இது: தோமையாரோட உடல் இங்கே ஒரு சின்ன ஊர்ல இருக்கு. பெரிசா ஜனத்தொகை இல்லை. வியாபாரிங்க அதிகம் வர்றதில்லை, ஏன்னா வாங்கறதுக்குச் சரக்கு இல்லை, வர்ற வழியும் சிரமம். ஆனா கிறிஸ்தவங்களும் முஸ்லிம்களும் யாத்திரையா நிறையப் பேர் வர்றாங்க.

கவனிச்சீங்களா? உடல் இங்கேதான் இருக்குன்னு சொல்றார். ஒர்த்தோனாக்காரங்க அவங்ககிட்ட இருக்குன்னு சொல்றாங்க. ரெண்டு ஊரும் ஒரே எலும்புக்குச் சொந்தம் கொண்டாடுது, ஆனா இந்தப் பக்கம் வர்ற யாத்ரீகருக்கு அது ஒரு பிரச்சினையாவே இல்லை. ஏன்னா அவங்க எடுத்துகிட்டுப் போனது எலும்பே இல்லை. புனிதர் கொல்லப்பட்ட இடத்து மண்ணைக் கொஞ்சம் எடுத்துகிட்டுப் போனாங்க. அந்த மண் சிவப்பா இருக்கும்னு போலோ தனியாச் சொல்றார். ரெண்டு நாளைக்கு ஒருமுறை, மூணு நாளைக்கு ஒருமுறை வர்ற முறைக்காய்ச்சலுக்கு அதைக் கொடுப்பாங்க, உடனே குணமாகும்னு எழுதறார். முஸ்லிம்கள் தோமாவைத் தங்களோட பெரியவர்களில் ஒருத்தராவே கருதி 'அவரியான்'னு ஒரு பட்டப்பேர் சொன்னாங்கன்னும் எழுதறார். இயேசுவோட சீடர்களைக் குறிக்கிற 'ஹவாரி'ங்கற அரபுச் சொல்லோட திரிபு அதுன்னு பின்னாடி வந்த உரையாசிரியர்கள் சொல்றாங்க.

அந்த முறைக்காய்ச்சல் பெரும்பாலும் மலேரியாவாத்தான் இருக்கணும். மலேரியாவோட குணமே அதுதான். ஒரு நாள் தூக்கிப்போடும், அடுத்த நாள் ஆளை விட்டுடும், திரும்ப வரும். ஜுரம் உச்சத்துல இருக்கிற அன்னைக்கு மண்ணைக் கொடுத்தா, மறுநாள் ஜுரம் இருக்காது. கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் கண்ணால பார்த்த சாட்சி கிடைச்சுடும். விடாம அடிக்கிற டைஃபாய்டுக்கு இதே மண்ணைக் கொடுத்திருந்தா இந்தப் பேர் வந்திருக்காது. எந்த நோய்க்குன்னு போலோ குறிப்பாச் சொல்றாரே, அதுலேயே அந்த மருந்து ஏன் வேலை செஞ்ச மாதிரி தெரிஞ்சுதுங்கறதுக்கான விளக்கமும் இருக்கு.

நம்மளுக்கு இந்த மண் விஷயம் புதுசு இல்லை. சங்கரன்கோவில் புற்றுமண்ணை வீட்டுல வெச்சிருக்கிறவங்க இதைக் கேட்டுகிட்டு இருப்பீங்க. ஷியா முஸ்லிம்கள் கர்பலா மண்ணால செஞ்ச வில்லையில நெத்தி வெச்சுத் தொழுவாங்க. இந்தக் கரையில வந்து போன எல்லா மதத்துக்காரருக்கும் 'இடத்து மண்'ங்கற யோசனை உடனே புரிஞ்சிருக்கும்.

இப்போ எலும்பையும் மண்ணையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எலும்புல ஒரு துண்டு கொடுத்தா ஒரு துண்டு குறையும். மண்ணு குறையாது. எலும்பைத் திருடினா தலம் காலி. மண்ணைத் திருட முடியாது, மிஞ்சிப் போனா ஒரு கூடை அள்ளலாம், இடம் அங்கேயேதான் இருக்கும். அதே சமயம் மண்ணுக்கு ஒரு பலவீனமும் இருக்கு. சிவப்பு மண் எங்கேயும் கிடைக்கும், இது அங்கேயிருந்து வந்த மண்தான்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. அதனால அதை நம்பி ஒருத்தன்கிட்ட காசு கொடுத்து வாங்க முடியாது. நம்பிக்கை வேணும்னா நீங்களே வரணும், இல்லைன்னா உங்க வீட்டு ஆள் யாராவது நேர்ல போய் எடுத்துட்டு வரணும். எலும்பு ஊர் விட்டு ஊர் போற சரக்கு. மண்ணு மனுஷனை ஊருக்கு வரவைக்கிற சரக்கு. இது என்னோட வாசிப்பு. ஆனா போலோ சொல்ற அடுத்த ரெண்டு விவரம் இதோட நல்லாவே பொருந்துது.

தென்னந்தோப்பும் நெல் மூட்டையும்

மண்ணை வித்தாங்கன்னு போலோ எங்கேயும் சொல்லலை. அப்போ கோயிலைப் பார்த்துகிட்டவங்க எதுல பிழைச்சாங்க? அதுக்கும் பதில் கொடுக்கறார். அவங்ககிட்ட நிறைய தென்னைமரம் இருந்துது, அதுதான் ஜீவனம். அந்த மரத்துக்கெல்லாம் அங்கே ஆண்ட அரசர்களில் ஒருத்தருக்கு மரத்துக்கு இவ்வளவுன்னு வரி கட்டினாங்க. அதாவது ராஜா உண்டியல்ல கை வைக்கலை, தோப்புல கை வெச்சார். வரவு நிரந்தரம், வரியும் நிரந்தரம். யாத்ரீகர் வந்தாலும் வராட்டியும் மரம் காய்க்கும்.

ரெண்டாவது விவரம் வீடுகள். 1288 வாக்குல நடந்ததா ஒரு அற்புதக் கதை சொல்றார். கோயிலைச் சுத்தி கோயிலுக்குச் சொந்தமான வீடுகள் இருந்துது, யாத்ரீகர்கள் தங்கறதுக்கு. உள்ளூர்ப் பிரபு ஒருத்தர்கிட்ட ஏகப்பட்ட அரிசி சேர்ந்துபோச்சு. வைக்க இடமில்லை. அந்த வீடுகள் எல்லாத்துலயும் அரிசியை ரொப்பிட்டார். வந்தவங்களுக்குத் தலை சாய்க்க இடமில்லை. கோயில்காரங்க கெஞ்சிப் பார்த்தாங்க, அவர் மசியலை. ஒருநாள் ராத்திரி தோமையாரே கையில ஒரு கவைக்கோலோட வந்து, பிரபுவோட கழுத்துல வெச்சு, வீட்டைக் காலி பண்ணலைன்னா சாவு நிச்சயம்னு மிரட்டினார். விடிஞ்சதும் பிரபு அரிசியை எடுத்துட்டார்.

இதை அற்புதமா எடுத்துக்கறதும் எடுத்துக்காததும் உங்க இஷ்டம். நான் படிக்கும்போது எனக்கு இது ஒரு இடத்தகராறு வழக்கோட சுருக்கமாத் தெரிஞ்சுது. அதுல இருக்கிற விவரங்களை மட்டும் எடுங்க. கோயிலுக்குச் சொந்த வீடுகள் இருக்கு, ஒண்ணு ரெண்டு இல்லை, ஒரு பிரபுவோட அரிசியே கொள்ளுற அளவுக்கு. அந்த வீடுகளுக்கு ரெண்டு உபயோகம் போட்டி போடுது: அரிசிக் கிடங்கா, யாத்ரீகர் விடுதியா? பிரபுவைத் தட்டிக்கேட்க உள்ளூர்ல ஆள் இல்லை, புனிதரே வர வேண்டியிருக்கு. கோயில்காரங்க எண்ணிக்கையில சின்னவங்க, அதிகாரம் இல்லாதவங்கன்னு இதுலேயே தெரியுது. அவங்களுக்குப் படுக்க இடம் கொடுக்கிறதுதான் தொழிலோட உயிர்நாடி. மண்ணு இலவசம், ஆனா மண்ணு எடுக்க வர்றவன் ராத்திரி எங்கேயாவது தங்கணும், ஏதாவது சாப்பிடணும். வேளாங்கண்ணியிலயும் பழனியிலயும் லாட்ஜ் வெச்சிருக்கிறவங்களுக்கு இந்த அரிசிக் கதையை விளக்கவே வேண்டாம்.

சரி, ஊர் பணக்கார ஊராச்சா?

இல்லைங்க. போலோவே சின்ன ஊர்னுதான் சொல்றார். அவருக்குப் பிறகு 1420-கள் வாக்குல வந்த நிக்கோலோ தே கோந்தி, மயிலாப்பூர்ல தோமையாரோட உடல் பெரிய, அழகான கோயில்ல இருக்கு, ஊர்ல நெஸ்தோரியக் கிறிஸ்தவர்கள் ஆயிரம் பேர் இருக்காங்கன்னு எழுதறார். ஆயிரம் பேர்ங்கறதுதான் அந்தத் தலம் தாங்கின அளவு.

அப்புறம் ஏதோ நடந்து சரிஞ்சுது. 1516 வாக்குல எழுதின துவார்த்தே பர்போசா, கோயில் பாழடைஞ்சு கிடக்கு, ஒரு ஏழை முஸ்லிம் அதைப் பார்த்துக்கறார்னு குறிப்பிடறார். அவர் பிச்சையெடுத்து, அந்தக் காசுல ராத்திரி ஒரு விளக்கு எரியவைக்கிறார். ஒரு தலத்தோட பட்ஜெட் இதுக்குக் கீழே போக முடியாது. ஒரு விளக்குக்கான எண்ணெய், அவ்வளவுதான்.

ஆனா விளக்கு அணையலை. எனக்கு இந்த இடம்தான் முக்கியமாப் படுது. யாத்திரை இந்த ஊருக்குப் பெரிய பணம் கொண்டுவரலை. ஆனா ஒரு முகவரியை உயிரோட வெச்சிருந்துது. சரக்கு இல்லாத, வழி சரியில்லாத ஒரு கடலோரச் சின்ன ஊரோட பேர் வெனிஸ் வரைக்கும் தெரிஞ்சிருந்துதுன்னா அதுக்கு ஒரே காரணம் அந்தக் கல்லறை. இங்கிலாந்தோட ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேட்டுல 883-ஆம் வருஷத்துப் பதிவு ஒண்ணு, ஆல்ஃபிரட் ராஜா இந்தியாவுல இருக்கிற புனித தோமாவுக்குக் காணிக்கை அனுப்பினார்னு சொல்லுது. அந்தக் காணிக்கை வந்து சேர்ந்துதோ இல்லையோ, அனுப்பறதுக்கு ஒரு அட்ரஸ் இருந்துது.

அந்த முகவரிக்கு வந்த வாடிக்கையாளர்

போர்ச்சுக்கீசியர் அந்த அட்ரஸைத் தேடித்தான் வந்தாங்க. 1523-ல கோயிலைப் பழுதுபார்க்கிற வேலையில கல்லறையைத் தோண்டினாங்க. வெள்ளை வெளேர்னு எலும்புகள், ஒரு ஈட்டி முனை, மண் நிரம்பின ஒரு மண்பாண்டம், இதெல்லாம் கிடைச்சுதுன்னு அவங்க பதிவுகள் சொல்லுது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. 1258-லேயே இத்தாலிக்குப் போனதாச் சொல்லப்பட்ட எலும்பு 1523-ல இங்கே கிடைக்குது. யார் சொல்றது சரின்னு கண்டுபிடிக்க இப்போ வழியில்லை. ஆனா ஒரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுது. உள்ளூர் யாத்ரீகருக்கு மண்ணே போதுமா இருந்துது. ஐரோப்பாவோட கணக்குல எலும்பு இல்லாத கல்லறை அரைக் கல்லறை. யார் வாங்க வர்றாங்களோ அவங்க கேட்கிற சரக்கு கிடைக்குது. அந்த மண்பாண்டம் மட்டும் பழைய காலத்தோட ஞாபகமா நடுவுல உட்கார்ந்திருக்கு.

1547-ல பரங்கிமலையில சிற்றாலயம் கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது பஹ்லவி எழுத்து பொறிச்ச ஒரு கற்சிலுவை கிடைச்சுது. பஹ்லவிங்கறது பழைய பாரசீக எழுத்து. போர்ச்சுக்கீசியருக்கு ரொம்ப முன்னாடியே பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இந்தப் பக்கம் இருந்தாங்கங்கறதுக்கு அந்தக் கல்லு நேரடிச் சாட்சி. 1558 டிசம்பர் 18 அன்னைக்குப் பூசை நடக்கும்போது அந்தச் சிலுவை வியர்த்துதுன்னும், அதைத் துணியால ஒத்தி எடுத்தாங்கன்னும் மரபு. பார்த்தீங்களா, மறுபடியும் அதே வழி. கல்லை உடைச்சுத் துண்டு கொடுக்க வேண்டாம், துணியை ஒத்திக் கொடுக்கலாம்.

பணம் வந்தது இந்தக் காலத்துலதான், ஆனா வந்த வழி வேற. சாந்தோமில குடியேறின போர்ச்சுக்கீசியர்கள்ல நிறையப் பேர் தனி வியாபாரிகள். கோவாவுல இருக்கிற கவர்னரோட கண்ணுக்கு எட்டாத தூரம் அவங்களுக்கு வசதி. நம்ம பக்கத்துத் துணியை வாங்கி மலாக்காவுக்கு அனுப்பினாங்க. வரலாற்றாசிரியர் சஞ்சய் சுப்ரமண்யம் இந்தக் குடியேற்றத்தைப் பத்தின கட்டுரைக்கு வெச்ச தலைப்பையே தமிழ்ல சொன்னா, 'அப்போஸ்தலரின் காலடியில் லாபம்'. கல்லறை ஆளைக் கூப்பிட்டுது. துணி ஆளை உட்காரவெச்சுது. எடெசாவுல தலமும் சந்தையும் ஒரே நேரத்துல இருந்துது. மயிலாப்பூர்ல தலம் முதல்ல வந்துது, சந்தை பல நூறு வருஷம் லேட்டா வந்துது. 1639-ல ஆங்கிலேயர் கோட்டை கட்ட இடம் தேடி, சாந்தோமுக்கு வடக்கே சில கிலோமீட்டர்ல மதராசப்பட்டினத்தைப் பிடிச்சதுக்கு முக்கியமான காரணம் துணிதான். பக்கத்துலேயே இப்படி ஒரு ஐரோப்பிய ஊரும் வியாபாரத் தொடர்பும் ஏற்கெனவே இருந்தது அதுக்குத் துணையா இருந்துது.

கடைசியா, ரோடு

யாத்திரையைப் பத்திப் பேசிட்டுப் பாதையைச் சொல்லாம முடிக்க முடியாது. இது இடைக்காலம் இல்லை, பதினெட்டாம் நூற்றாண்டு. மதராஸ்ல கோஜா பெட்ரஸ் உஸ்கான்னு ஒரு ஆர்மீனிய வியாபாரி இருந்தார். பரங்கிமலைக்குப் போறவங்க அடையாற்றைத் தாண்டணும். மழைக்காலத்துல ஆத்துல தண்ணி வந்தா யாத்திரை நின்னுடும். அவர் 1726-ல சொந்தக் காசுல சைதாப்பேட்டையில பாலம் கட்டினார். மர்மலாங் பாலம்னு பேர். மலை மேல ஏறப் படிக்கட்டும் போட்டுக் கொடுத்தார், பராமரிப்புக்குப் பணமும் ஒதுக்கி வெச்சார். பாலம் கட்டறது ஒரு தடவைச் செலவு, அதைக் காப்பாத்தறது வருஷா வருஷச் செலவுன்னு தெரிஞ்ச வியாபாரி.

பழைய பாலம் இப்போ இல்லை. அதே இடத்துல இருக்கிறது மறைமலையடிகள் பாலம். உஸ்கானோட கல்வெட்டு மட்டும் பக்கத்துல நிக்குது. அந்தப் பாலத்து வழியா மலைக்குப் போன ரோட்டுக்கு மவுன்ட் ரோடுன்னே பேர் வந்துது, இப்போ அது அண்ணா சாலை. இன்னைக்கு அதுல போற வண்டிகள்ல மலைக்குப் போறவங்க எத்தனை பேர் இருப்பாங்க? பெரும்பாலும் நம்மளை மாதிரி ஆபீஸ் போறவங்கதான். ஆனா கோயிலுக்குப் போறவன் நனையக் கூடாதுன்னு கட்டின பாலத்துல தென்சென்னைக்கான வியாபாரமும் ஆறு தாண்டியிருக்கு.

ஆக என் கணக்கு இப்படி முடியுது. எலும்பு இந்த ஊருக்கு எதுவும் சம்பாதிச்சுக் கொடுக்கலை, அது சம்பாதிச்சதெல்லாம் எடெசாவுக்கும் ஒர்த்தோனாவுக்கும்தான். மண்ணும் பெரிசாச் சம்பாதிக்கலை. ஒரு தென்னந்தோப்பு, கொஞ்சம் வாடகை வீடு, மோசமான காலத்துல ஒரு விளக்குக்கு எண்ணெய். ஆனா அந்தச் சின்ன வருமானம் போதுமானதா இருந்துது, ஊர்ப் பேர் மறந்துபோகாம இருக்க. மிச்சத்தைத் துணி வியாபாரிங்க பார்த்துகிட்டாங்க.

சைதாப்பேட்டைப் பக்கம் போறவங்க பாலத்துக்கிட்ட அந்தக் கல்வெட்டைத் தேடிப் பாருங்க, போட்டோ எடுத்தா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.